வெள்ளிக்கிழமை முழுக்கும் போத்தல் எண்ணெயும்

நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முந்திய யாழ்ப்பாணத்து வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைப்பதும் முழுகுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று நாள் குறித்திருந்தாலும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் வசதிப்பட்ட ஒரு நாள்தான் நிலைத்தது. முதல்நாள் இரவே சீயாக்காய் ஊறிவிடும். காலையில் அதோடு வெந்தயம், ஒரு பிடி பயறு, வெட்டிய தேசிக்காய் எல்லாம் போட்டு அவித்து, ஆறவிட்டு, அம்மியில் அரைத்தால் அரப்பு. அது அடுப்பில் கொதிக்கும் நேரத்தில் குந்தில் பிள்ளையை இருத்தி வைத்து அம்மம்மா தலைக்கு எண்ணெய் வைப்பா. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் முழுக்குக்கு. பளைப் பக்கத்துத் தேங்காயில் எடுத்த எண்ணெய் அன்றாடம் தலை இழுத்துப் பின்னுவதற்கு.

உச்சியில் ஒரு கை எண்ணெயை ஊற்றித் தட்டுவது, பிறகு விரல் நுனியால் பிடரி வரைக்கும் பிசைவது, கடைசியில் நீளத்துக்கும் இழுத்துத் தடவிச் சிக்கெடுப்பது. இத்தனையும் முடியக் கால்மணி, அரைமணி நேரமாகும். "கண் குளிரும், சூடு இறங்கும், மயிர் அடர்த்தியாய் வளரும், ஆடாமல் இரு பிள்ளை" என்று ஒரே மூச்சில் மூன்று பலன் சொல்லப்படும். பிறகு கிணற்றடி. அரப்பைத் தேய்த்து, வாளி வாளியாய் அள்ளி ஊற்றி, எண்ணெய் போகக் கழுவி, சாம்பிராணிப் புகையில் தலை உலர்த்தினால் முழுக்கு முடிந்தது. முழுக்குக்கு வைத்த எண்ணெய் ஓரிரு மணித்தியாலத்துக்கு மேல் தலையில் தங்கியதில்லை.

இன்று அந்த இரண்டு பாதியும் பிரிந்துவிட்டன. முழுகுவது ஷம்பூவால், வாரத்தில் மூன்று நாள், சிலருக்குத் தினமும். எண்ணெய் வைப்பது தனி வேலை, அதற்குத் தனி நோக்கம்: மயிர் வளரவேண்டும். திருநெல்வேலிச் சந்தைப் பக்கத்துக் கடையானாலும் ரொறன்ரோவின் தமிழ்க் கடையானாலும், எண்ணெய்த் தட்டில் நிற்கும் போத்தல்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கைத்தான் கொடுக்கின்றன. வெங்காயம், கறிவேப்பிலை, செவ்வரத்தம்பூ, கருஞ்சீரகம், அண்மையில் ரோஸ்மேரி. இரவு பூசிப் படுத்து, காலையில் கழுவாமல் பின்னிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அம்மம்மாவின் மூன்று பலன்களில் ஒன்றை மட்டும் கிள்ளியெடுத்துப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அதற்கு ஆதாரம் மிகக் குறைவு.

முதலில் பழைய காலத்து மயிரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் முழங்கால் வரை கூந்தல் என்பது நம் ஞாபகம் செய்யும் வேலை. நீளமான பின்னல் கண்ணில் படும், மெல்லிய கொண்டை படாது. எல்லாருக்கும் அடர்த்தியாக இருந்திருந்தால், வீட்டு அலுமாரிகளில் சவரி எதற்கு இருந்தது? கலியாண வீட்டுக்குப் போகுமுன் கொண்டைக்குள் சவரி வைத்துக் கட்டிய பெண்கள் எல்லாரும் வாரம் தவறாமல் எண்ணெய் வைத்து முழுகியவர்கள்தான். தலைநோய்கள் அன்றும் பேசுபொருளாகத்தான் இருந்தன. யாழ்ப்பாணத்து வைத்திய நூலான பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்தபோது சிரரோக நிதானம் அதில் ஒரு தனிப் பாகமாகவே வந்தது.

மயிர் தோலுக்கு மேலே உயிரற்ற பொருள். அதன் பருமனையும் எண்ணிக்கையையும் தீர்மானிப்பது தோலுக்குள் சில மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கும் வேர்ப்பை. அதற்கு உணவும் ஒட்சிசனும் இரத்தத்தில் வருகின்றன, கட்டளை ஓமோன்களில் வருகிறது. மேலே தடவும் தேங்காய் எண்ணெய் அந்த வேருக்கு உணவாகப் போய்ச் சேருவதில்லை. தேங்காய் எண்ணெய், ஆமணக்கு எண்ணெய், ஆர்கன் எண்ணெய் மூன்றைப் பற்றியும் வெளிவந்த ஆய்வுகளை 2022இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்களுக்கும் மயிர் புதிதாய் முளைக்கிறது என்பதற்கு வலுவான சான்று அகப்படவில்லை. ரோஸ்மேரிக்கு 2015இல் ஈரானில் செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. நூறு பேரில் பாதிப்பேருக்கு அந்த எண்ணெய், மற்றப் பாதிக்கு இரண்டு வீத மினொக்சிடில் மருந்து. ஆறு மாத முடிவில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம். ஒன்றும் பூசாத மூன்றாவது குழு அதில் இல்லை என்பதை, போத்தலில் அந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் சொல்வதில்லை.

பிசைவதற்குத்தான் கொஞ்சம் சுவையான கதை உண்டு. 2016இல் யப்பானில் ஒன்பது ஆண்களுக்கு, மயிர் கொட்டும் நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு, தினம் நான்கு நிமிடம் வீதம் 24 வாரம் ஒரு கருவியால் தலையோட்டைப் பிசைந்து அளந்தார்கள். எண்ணெய் கிடையாது. மயிரின் பருமன் சராசரியாக 0.085 மில்லிமீற்றரிலிருந்து 0.092க்கு ஏறியது. ஆனால் மயிரின் எண்ணிக்கை கூடவில்லை, வளரும் வேகமும் கூடவில்லை. தோல் இழுபடும்போது வேர்ப்பையின் அடியிலுள்ள கலங்களும் இழுபட்டு அவற்றின் போக்கு மாறுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஒன்பது பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். பெண்கள் எவரும் அதில் இல்லை. ஆகவே பிசைவது மயிரைத் தடிக்க வைக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. "கொஞ்சம் உதவக்கூடும், கெடுதல் இல்லை" என்பது வரைக்கும்தான் போகலாம். அம்மம்மா வாரம் ஒருமுறை பிசைந்தா. அந்த ஆய்வில் தினமும், ஆறு மாதம். நம்மவர்களில் தினம் நான்கு நிமிடம் ஒரே இடத்தில் இருந்து தலையைப் பிசையும் பொறுமை எத்தனை பேருக்கு என்பது வேறு கேள்வி.

அப்படியானால் எண்ணெய் வைத்து முழுகியவர்களின் பின்னல் ஏன் தடிப்பாய் இருந்தது? இதற்கு உச்சியைப் பார்க்கக்கூடாது, பின்னலின் நுனியைப் பார்க்கவேண்டும்.

மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். அறுபது சென்ரிமீற்றர் கூந்தல் என்றால் அதன் நுனிக்கு வயது ஐந்து. வாரம் ஒருமுறை முழுகினாலே அந்த நுனி 260 முழுக்கைக் கண்டிருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால் தொள்ளாயிரத்தைத் தாண்டும். ஒவ்வொரு முறை நனையும்போதும் மயிர் தண்ணீரைக் குடித்து வீங்குகிறது. மேலே ஓடுபோல் அடுக்கியிருக்கும் செதில்கள் சற்று எழும்புகின்றன. காயும்போது திரும்பவும் சுருங்குகிறது. வீங்கிச் சுருங்கி, தேய்பட்டு, சீப்பில் இழுபட்டு, செதில்கள் உடைந்து உள்ளிருக்கும் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுப்பட்டுப் போகிறது. கடைசியில் மயிர் இடையில் முறிகிறது. உச்சியில் அதே அளவு மயிர் இருக்கும், பின்னல் மட்டும் எலிவால் போல முடியும்.

இங்கேதான் எண்ணெய்க்கு உண்மையான வேலை. 2003இல் மும்பையில் ரேலே, மோகிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் மயிரில் பூசிக் கழுவி, எவ்வளவு புரதம் போகிறது என்று அளந்தார்கள். முழுகுமுன் பூசினாலும் பின் பூசினாலும் இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லோரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, ஆகவே மயிரின் உள்ளே புகுகிறது, தண்ணீரை அளவுக்கு மிஞ்சிப் புகவிடாமல் தடுக்கிறது என்பது அவர்கள் தந்த காரணம். அவர்கள் வேலை செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு கம்பனியில் என்பதையும் சேர்த்துத்தான் இதை வாசிக்கவேண்டும். ஆனாலும் அளவீடு தெளிவானது. நல்லெண்ணெயின் கொழுப்பமிலங்கள் சூரியகாந்தி எண்ணெயின் வகையைச் சேர்ந்தவை. ஆகவே அது மயிரின் மேலே நின்று வழுவழுப்பைத் தரும், சிக்கெடுக்க உதவும், உள்ளே புகுந்து காக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முழுக்குக்கு நல்லெண்ணெய், பின்னலுக்குத் தேங்காய் எண்ணெய் என்ற பழைய பங்கீட்டை நான் திருப்பிப் போட்டுவிடுவேன்.

எண்ணெயை விட, அதை வைத்த நேரத்தில்தான் பழையவர்களின் கெட்டித்தனம் இருந்தது. நனையுமுன் வைத்தார்கள், அன்றே கழுவினார்கள். கழுவிய தண்ணீரையும் மறக்கக்கூடாது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. கேத்திலின் உள்ளே படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீரின் கடினம் தெரியும். சவர்க்காரம் இந்தத் தண்ணீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசினாகி மயிரில் படியும். தலைக்குச் சவர்க்காரம் போட்ட தலைமுறைக்கு மயிர் தும்புபோல் நின்றதற்கு இது பெரிய காரணம். சீயாக்காயின் நுரை வேறு இரசாயனம், அது கல்சியத்தோடு சேர்ந்து பிசின் கட்டாது. 1990களின் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் அரிதாகி, பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த நாட்களில் அரப்பு திரும்பவும் வீடுகளுக்குள் வந்தது வேறு கதை. இன்றைய ஷம்பூவும் கடினத் தண்ணீரில் சவர்க்காரம் போல் பிசின் கட்டாது. ஆகவே அரப்பா ஷம்பூவா என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. அரப்பு போடுகிறவர்கள் வடித்துப் போடவேண்டும், கோது தலையில் தங்கினால் அரிக்கும். அதிலுள்ள தேசிப்புளி நெற்றியிலும் கழுத்திலும் வடிந்திருக்க வெயிலில் நின்றால் தோல் எரிந்து கறுக்கும், அதையும் நன்றாகக் கழுவவேண்டும்.

மயிர் கொட்டுகிறது என்று சொல்லி எண்ணெய் வாங்குமுன் செய்யவேண்டிய ஒரு சோதனைக்குச் செலவே இல்லை. சீப்பில் வந்த மயிரைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாய்ச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு விழுந்த மயிர். குமிழ் இல்லாமல், நீளமும் குட்டையாக இருந்தால் முறிந்த மயிர். முறிவுக்கு எண்ணெயும் மென்மையான சீப்பும் மருந்து. வேரோடு விழுவதற்கு எண்ணெய் ஒன்றும் செய்யாது. நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை வேரோடு விழுவது எவருக்கும் வழமை. வாரம் ஒருமுறை முழுகுகிறவருக்கு உள்ளே தங்கி நின்றவை எல்லாம் அன்றைக்கு ஒன்றாய் வரும், பயப்பட வேண்டாம்.

அந்த அளவைத் தாண்டிக் கொட்டும்போது நடப்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். மாரி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறும். மார்கழியில் ஒரு பெண்ணுக்குக் கடும் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலின் அதிர்ச்சியில் வளர்ந்துகொண்டிருந்த வேர்களில் ஒரு பகுதி வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போகிறது. ஓய்வுக்குப் போன மயிர் உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் தலையிலேயே இருக்கும். ஆகவே பங்குனியில் கைப்பிடி கைப்பிடியாய்க் கொட்டும். அப்போது காய்ச்சல் ஞாபகத்தில் இராது. தண்ணீர், ஷம்பூ, கண்ணூறு என்று காரணம் தேடுவார்கள். சித்திரையில் யாரோ சொன்ன எண்ணெய் வாங்கித் தினமும் பூசுவார். ஆடி, ஆவணி வரக் கொட்டுவது நின்றுவிடும், நெற்றியோரத்தில் புதுமயிர் குச்சிகுச்சியாய் எழும்பும். போத்தலுக்குப் புகழ் கிடைக்கும், அயலில் ஐந்து பேர் வாங்குவார்கள். எண்ணெய் பூசாமல் விட்டிருந்தாலும் அந்த மயிர் அதே ஆவணியில்தான் திரும்பியிருக்கும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மூன்றாம் நான்காம் மாதத்தில் நடப்பதும் இதே கணக்கு.

ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் வேறு காரணம் தேடவேண்டும். குருதியில் இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் கோளாறு இரண்டும் முதலில் சோதிக்கவேண்டியவை. உச்சிப்பிரிவு வருடத்துக்கு வருடம் அகன்றுகொண்டு போனால் அது பரம்பரை வழுக்கையின் பெண்வடிவம். அதற்குச் சான்றுள்ள மருந்து மினொக்சிடில், அதையும் தோல் வைத்தியரைக் கேட்டுத்தான் தொடங்கவேண்டும். காசளவில் வட்டமாய்ச் சொட்டை விழுந்தால் எண்ணெய்ப் போத்தலைத் தொடாமல் நேரே வைத்தியரிடம் போவதுதான் நல்லது.

எண்ணெயால் கூடும் நோயும் ஒன்று உண்டு. சொடுகு என்று நாம் சொல்லும் பொடுகு காய்ந்த தலையால் வருவது என்று நினைத்து மேலும் எண்ணெய் வைப்பார்கள். பெரும்பாலான சொடுகின் பின்னால் இருப்பது கொழுப்பை உண்டு வாழும் ஒரு பூஞ்சணம். எண்ணெய் வைத்த அன்று செதில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது, மூன்றாம் நாள் முன்னிலும் கூட உதிரும், அரிக்கும். மூக்கின் இரு பக்கமும் புருவத்திலும் கூடச் சிவந்து செதில் விட்டால் சந்தேகமே இல்லை. சொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயை நிறுத்தி, கீற்றோகொனசோல் ஷம்பூவை வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒரு மாதம் போட்டுப் பார்க்கவேண்டும். நெற்றியோரம் மட்டும் பரு வருகிறவர்களும் எண்ணெயைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

இன்னொன்று பாடசாலைப் பிள்ளைகளின் இரட்டைப் பின்னல். காலையில் அவசரத்தில் எண்ணெய் தடவி, வழுக்கி அவிழாமல் இருக்க இறுக்கி இழுத்துப் பின்னி, றிபன் கட்டி மடித்துவிடுகிறோம். பத்து வருடம் அப்படி இழுபட்ட மயிர், காதுக்கு மேலேயும் நெற்றியின் இரு மூலையிலும் பின்வாங்கும். பிள்ளை "நோகுது" என்று சொன்னால் அது சிணுக்கமில்லை. வேரில் சின்னச் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தாலும் பின்னலைத் தளர்த்தவேண்டும். இந்தக் கட்டத்தில் தளர்த்தினால் மயிர் திரும்பும், வேர் தழும்பாகிவிட்டால் திரும்பாது.

இத்தனையும் பார்த்தபின் என்னுடைய வாரக்கணக்கு பழைய முழுக்கிலிருந்து அதிகம் விலகவில்லை. சனியோ ஞாயிறோ, முழுகுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன், மூன்று தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். அது பதினைந்து மில்லிலீற்றர், இடுப்பைத் தொடும் கூந்தலானால் கொஞ்சம் கூட. நம்மூர் வெக்கையில் அது பெரும்பாலும் உருகியே இருக்கும், சூடாக்கத் தேவையில்லை. முதலில் நுனியிலிருந்து மேல்நோக்கி நீளம் முழுவதும் தடவுங்கள், விரலில் மிஞ்சியதுதான் உச்சிக்கு. பிறகு விரல் நுனியின் சதையால், நகம் படாமல், நான்கைந்து நிமிடம் பிசைவது. விரல் மயிரின் மேல் வழுக்கி ஓடக்கூடாது, விரலோடு தோல் அசையவேண்டும். ஓடினால் மயிர் முறுகிச் சிக்குப்படுவதுதான் மிச்சம். அந்த எண்ணெய்ப் பதத்திலேயே அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துவிடுங்கள், ஈரத்தலையில் மயிர் மிகப் பலவீனமாக இருக்கும். முழுகும்போது ஷம்பூவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும், வழியும் நுரையே நீளத்தைக் கழுவும். எண்ணெய் போகாவிட்டால் இரண்டாம் முறை கொஞ்சம். உலர்ந்தபின் தலை பிசுபிசுத்தால் எண்ணெய் கூடிவிட்டது என்று அர்த்தம், அடுத்த வாரம் ஒரு தேக்கரண்டி குறையுங்கள்.

வாரத்தின் நடுவில் வியர்வைக்கேற்ப ஒன்றோ இரண்டோ தரம், எண்ணெய் இல்லாமல் முழுகலாம். கழுத்தளவு வெட்டிய மயிருக்கு ஒரு தேக்கரண்டியே மிதமிஞ்சும், ஏனென்றால் அதன் நுனிக்கு வயது இரண்டோ மூன்றோதான். ஆண்கள் பலர் கட்டைத் தலையில் தினமும் எண்ணெய் வழியவிடுவதில் மயிருக்கு ஒரு பலனும் இல்லை. தினம் பிசைந்து பார்க்க விரும்புகிறவர்கள் யப்பானியரைப் போல எண்ணெய் இல்லாமலேயே பிசையலாம். வெங்காயமோ செவ்வரத்தம்பூவோ போட்டுக் காய்ச்சிய எண்ணெய் மணத்துக்கு நல்லது, அரிக்காவிட்டால் வைத்துக்கொள்ளலாம். நீளக் கூந்தலுக்கும் கூட, இந்தக் கணக்கில் வருடத்துக்கு ஏறத்தாழ முக்கால் லீற்றர்ப் போத்தல் ஒன்றுதான் முடியும். அதைவிடக் கூடுதலாக வாங்குகிறவர்கள் தலையணை உறைக்குத்தான் எண்ணெய் வைக்கிறார்கள்.